ஒரு நோட்டீஸின் அடக்கவிலை

அச்சகத்தில் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனியாக ஒரு செலவுத் தாள் போடப்படுகிறது. வேலை எண், வாடிக்கையாளர், அளவு, பிரதி எண்ணிக்கை ஆகியவை அதன் தலைப்பில் இருக்கும். கீழே தாள், மை, இயந்திர நேரம், கூலி ஆகியவற்றுக்கு மதிப்பிட்ட தொகை ஒரு பத்தியிலும் உண்மையில் ஆன தொகை பக்கத்துப் பத்தியிலும் வரும்.

ஏழு அங்குல அகலமும் ஒன்பதரை அங்குல உயரமும் உள்ள, ஒரு பக்கம் மட்டும் மல்டிகலரில் அச்சாகும் நோட்டீஸ் 5,000 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தாள், 20க்கு 30 அங்குலத்தில் 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர். இதை இரண்டாக வெட்டி, 15க்கு 20 அங்குல நாலு கலர் ஆப்செட் இயந்திரத்தில் ஓட்டினால், ஒரு அரைத் தாளில் நான்கு நோட்டீஸ் வரும். ஆக 1,250 அரைத் தாள் போதும் என்று தோன்றும். ஆனால் நான்கு நிறங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுந்து, நிறம் நிலைப்படும்வரை ஓடுபவை வீண்தான். அதற்கு 150, ஓட்டத்தில் கெடுபவற்றுக்கு 25 சேர்த்தால் 1,425 அரைத் தாள், அதாவது 713 முழுத் தாள்.

தாளை எண்ணி வாங்கினாலும் விலை எடைக்குத்தான். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை. 20க்கு 30 அங்குலத் தாள் ஏறக்குறைய 0.387 சதுர மீட்டர் என்பதால் ஒரு தாள் 50 கிராம் சொச்சம் வரும். 713 தாள் 36 கிலோ. கணக்கு விளங்குவதற்காகக் கிலோ 90 ரூபாய் என்று கொண்டால் 3,240 ரூபாய். இனி வரும் விலைகளும் அப்படி வைத்துக்கொண்டவையே.

மைக்குப் பலர் பயப்படுவார்கள், தேவையில்லை. முழுதும் நிறம் நிரம்பிய இடத்துக்குச் சதுர மீட்டருக்கு ஒரு நிறத்தில் ஒரு கிராமுக்குச் சற்று மேல்தான் மை பிடிக்கும். சாதாரணப் படங்களுள்ள இந்த நோட்டீஸுக்கு நான்கு நிறமும் சேர்த்து 400 கிராம், கிலோ 500 ரூபாய் விலையில் 200 ரூபாய். பின்னணி முழுதும் கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ இருந்தால் இது இரண்டு மூன்று மடங்காகும். நான்கு பிளேட்டுக்கு 1,000 ரூபாய்.

தவறு நேர்வது பெரும்பாலும் இயந்திர நேரத்தில்தான். இயந்திரத்தின் தேய்மானம், கடன் வட்டி, வாடகை, மின்சாரம், பராமரிப்பு எல்லாம் மாதம் 1,80,000 ரூபாய் என்றால், அதை இயந்திரம் உண்மையில் வேலை பார்க்கும் மணிகளால் வகுக்க வேண்டும். அச்சகம் மாதம் 208 மணி திறந்திருந்தும் ஆர்டருக்கு ஓடுவது 150 மணிதான் என்றால், மணிக்கு 1,200 ரூபாய். 208ஆல் வகுத்தால் விலை குறைவாகத் தெரியும். சும்மா நின்ற மணிகளின் செலவு யார் கணக்கிலும் ஏறாது. இந்த வேலையில் பிளேட் மாட்டி ரிஜிஸ்டர் பிடிக்க ஒரு மணி நேரம், ஓட்ட கால் மணி நேரம்: 1,500 ரூபாய்.

கூலிக்கும் அதே கணக்குதான். ஆபரேட்டர், உதவியாளர் இருவரின் மாதச் சம்பளம் 37,500 ரூபாயையும் 150ஆல் வகுத்தால் மணிக்கு 250. இந்த வேலைக்கு 312 ரூபாய். சம்பளத்தை இயந்திர மணி விலையிலேயே சேர்த்திருந்தால் இங்கே மறுபடி போடக்கூடாது, இரட்டைக் கணக்காகிவிடும். கட்டிங், கட்டுப்போடும் வேலைக்கு அதன் இயந்திரத்தையும் சேர்த்து 300. மொத்தம் 6,552, பிரதிக்கு ஒரு ரூபாய் 31 காசு. அலுவலகச் செலவும் லாபமும் இதற்கு மேல்தான்.

இதே நோட்டீஸ் 20,000 என்றால் பிளேட்டும் ரிஜிஸ்டர் பிடிக்கும் நேரமும் மாறுவதில்லை. தாளும் மையும் ஓட்டமும் கூடி மொத்தம் 17,200 ரூபாய் வாக்கில் வரும். பிரதிக்கு 86 காசு. சிறிய ஆர்டருக்குப் பிரதி விலையில் பேரம் பேசி வருபவரிடம் இந்த இரண்டு வரியையும் காட்டினாலே போதும்.

வேலை முடிந்ததும் உண்மைச் செலவுப் பத்தியை நிரப்ப வேண்டும். இயந்திரத்தின் கவுண்ட்டர் 1,425 காட்ட, ஸ்டோரிலிருந்து 760 முழுத் தாள் போயிருந்து ஒன்றும் திரும்பவில்லை என்றால், 47 தாள் இயந்திரத்துக்கு வரும் முன்பே கெட்டிருக்கிறது, அல்லது வேறு வேலைக்குப் போய் அதன் எண்ணில் எழுதப்படாமல் விட்டிருக்கிறது. நிறம் பார்த்துச் சரி சொல்ல வாடிக்கையாளர் வரும்வரை அரை மணி நேரம் இயந்திரம் நின்றாலும், கூலியும் சேர்த்து 725 ரூபாய் போய்விடும். அதை ஓடிய நேரத்தோடு கலக்காமல் காத்திருந்த நேரம் என்று தனி வரியில் எழுதினால்தான் காரணம் தெரியும். ரிஜிஸ்டர் பிடிக்க ஒரு மணி என்று போட்ட இடத்தில் தொடர்ந்து பல வேலைகளில் ஒன்றரை மணி ஆகிறதென்றால், ஆபரேட்டரைக் குறைசொல்லும் முன் பிளேட்டையும் ரோலரையும் பார்க்க வேண்டும். அவை சரியாக இருந்தால், அடுத்த மதிப்பீட்டில் ஒன்றரை மணி என்றே எழுத வேண்டும்.