இரவுப் பணியாளர்களுக்கான குளுக்கோஸ் பரிசோதனை: வெறும் வயிறும் காலைப் பொழுதும்

இரண்டு மணிநேரக் குளுக்கோஸ் சகிப்புப் பரிசோதனைக்குக் காலையில் வெறும் வயிற்றுடன் வருமாறு கூறப்படுவது வழக்கம். இவ்வறிவுறுத்தல் இரவில் உறங்குவோரை மனத்திற்கொண்டு அமைந்தது. இரவில் பணிபுரிவோர் இதனைத் தமது வேலை நேரத்திற்கேற்பத் திட்டமிட வேண்டும்.

வெறும் வயிறு என்பது யாது?

இறுதியாக உண்ட நேரத்திலிருந்து குறைந்தது 8 மணிநேரம் கழிந்திருக்க வேண்டும். இடையில் தண்ணீர் மட்டும் அருந்தலாம். பால் தேநீரும் ஒரு பிஸ்கட்டும்கூட உணவாகவே கருதப்படும். அதிகாலை 2 மணிக்கு உணவும் 5 மணிக்குத் தேநீரும் உட்கொண்ட ஒருவர் 7 மணிக்கு இரத்தம் கொடுத்தால், அவர் வெறும் வயிற்றுடன் இருந்தது 2 மணிநேரமே. அந்த அளவு உயர்ந்து காணப்படக்கூடும்.

காலை ஏன்?

உடல் குளுக்கோஸைக் கையாளும் திறன் காலையில் மிகுந்தும் மாலையில் குறைந்தும் இருக்கும். உறக்கமின்மையும் அத்திறனைக் குறைக்கும். ஆதலால் இரவு முழுவதும் உண்ணாது பணிபுரிந்துவிட்டு நேராகப் பரிசோதனைக்குச் செல்வது ஏற்றதன்று. 8 மணிநேரக் கணக்கு சரியாக இருப்பினும் உடல் ஓய்வு பெறவில்லை. மேலும், பசியும் களைப்புமாக வாகனம் செலுத்துவது ஆபத்தானது.

திட்டமிடும் முறை

வெள்ளி காலை 6 மணிக்கு வாரத்தின் இறுதிப் பணியை முடித்து, திங்கள் இரவு 10 மணிக்கு மீண்டும் பணிக்குத் திரும்பும் ஒருவருக்குத் திங்கள் காலை 8 மணி பொருத்தமானது. அதற்குள் மூன்று இரவுகள் உறங்க முடியும். அவர் ஞாயிறு இரவு 9 மணிக்குள் உணவை முடித்தால் 11 மணிநேரம் கழிந்திருக்கும். முதலில் ஒருமுறை இரத்தம் எடுக்கப்பட்டு, 75 கிராம் குளுக்கோஸ் கலந்த பானம் கொடுக்கப்படும். பின்னர் 2 மணிநேரம் உண்ணாமலும் புகைக்காமலும் அமர்ந்திருக்க வேண்டும்.

முந்தைய மூன்று நாட்களும் சோறு, பாண், இடியப்பம் முதலியவற்றை வழமைபோல் உண்ண வேண்டும். நல்ல முடிவை எதிர்பார்த்து இவற்றைத் தவிர்த்தால், குளுக்கோஸ் அளவு உண்மை நிலையைவிட உயர்ந்து காட்டக்கூடும்.

ஓய்வு இரவு கிடைக்காவிடின்

ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை தமக்குப் பொருந்துமா எனக் குடும்ப மருத்துவரிடம் கேட்கலாம். அதற்கு வெறும் வயிறு தேவையில்லை. எந்நேரத்திலும் இரத்தம் கொடுக்கலாம். ஆயினும் கர்ப்பிணிகளுக்கும் சிலவகை இரத்தசோகை உள்ளோருக்கும் அதன் முடிவு பிழையாக அமையலாம்.

கவனிக்க வேண்டியவை

இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை பயன்படுத்துவோர் மருத்துவரைக் கேளாமல் உணவைத் தவிர்த்தல் கூடாது. முன்பதிவின்போதே இரவுப் பணி குறித்துத் தெரிவிக்கவும். தவறுதலாக உண்டிருந்தால், இரத்தம் எடுப்பவரிடம் அந்நேரத்தைக் கூறி வேறு நாளைக் கேட்கவும்.