கோடைக்கு ஒரு பானைத் தண்ணீர்

2019 ஜூனில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டதை மண்ணூர்ப் பகுதியில் வாழும் நாம் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய கோடையில் வீட்டுத் தோட்டத்திற்குக் கைகொடுப்பது பானைப் பாசனம்.

வண்ணமோ மெருகோ பூசாத 5 லிட்டர் மண்பானையை, கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி புதைப்போம். அதிலிருந்து ஒரு சாண் தள்ளி, சுற்றிலும் நான்கு கத்தரி நாற்றுகளை நடுவோம். பானையில் நீர் நிரப்பி மூடிவைப்போம். மண் காயும்போது, பானைச் சுவரின் நுண்துளைகள் வழியே நீரை இழுத்துக்கொள்ளும். ஈரமானதும் கசிவு தானே குறையும். வேர் அந்த ஈரத்தை எட்டும் வரை, முதல் இரண்டு வாரங்கள் நாற்றின் அடியிலும் சிறிது ஊற்ற வேண்டும். அதை அதிகாலையில் செய்வோம்; நடுப்பகலில் ஊற்றினால் ஆவியாகும் நீர் கூடும்.

மேல்மண்ணின் ஈரத்தைக் காக்க, வைக்கோலை மூன்று விரற்கடை உயரத்திற்கு மூடாக்காகப் பரப்புவோம். தண்டை ஒட்டிப் பரப்பினால் தண்டு அழுகும். சற்று இடைவெளி விடுவோம்.

சில மணி நேரத்தில் பானை காலியானால் அதில் விரிசல் இருக்கலாம். சுற்றுமண் காய்ந்திருந்தும் நீர்மட்டம் இறங்காவிட்டால், உப்பு துளைகளை அடைத்திருக்கிறது என்று அறியலாம். உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரில் இது விரைவில் நேரும். பானையை எடுத்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவோம். அப்போதும் கசியாவிட்டால் புதுப் பானை வைப்பதே வழி.