வீடு மாறினால் விலாசம் தானாக மாறாது

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு காலை நேரம், கடையைத் திறந்து கணக்குக் கொப்பியை எடுத்து வைத்திருந்தேன். எனக்குப் பழக்கமான ஒருவர் கையில் ஒரு கடிதத்துடன் வந்தார். "நாநா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றார். புத்தளம் தில்லையடியில் பல வருடங்கள் இருந்துவிட்டு முல்லைத்தீவு ஹிஜ்ராபுரத்துக்கு மனைவி, மூன்று பிள்ளைகளுடன் குடிவந்தவர். மளிகைச் சாமான் எடுக்க என்னிடம் வருவார். கடிதம் ஒரு வங்கியின் அடகுப் பிரிவிலிருந்து வந்த அறிவித்தல். தவணை முடிந்துவிட்டது, குறித்த திகதிக்கு முன்னர் மீட்காவிட்டால் நகை ஏலம் போகும் என்று எழுதியிருந்தது. அந்தத் திகதி கடந்து இரண்டு மாதமாகியிருந்தது. கடிதம் தில்லையடி வீட்டுக்குப் போய், அங்கே புதிதாகக் குடியிருப்பவரின் மேசையில் கிடந்து, ஊருக்கு வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பப்பட்டு வந்திருக்கிறது. போனது அவர் மனைவியின் காப்புச் சோடி.

வங்கியில் கேட்டால், "நீங்கள் தந்த விலாசத்துக்கு அனுப்பினோம்" என்கிறார்கள். அதற்கு மறுபேச்சு இல்லை. ஏலத்தில் கடனுக்கும் வட்டிக்கும் மேலாக ஏதாவது மிஞ்சியிருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள் என்று மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது. மற்றப்படி அவர் பிழை எதுவும் செய்யவில்லை. வீட்டை மாற்றினார், விலாசத்தை மாற்றவில்லை, அவ்வளவுதான். ஆகவே இந்த வாரம் அதையே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விடயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். நமது நாட்டில் விலாசம் என்பது ஒரே இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறுகிற ஒன்றல்ல. ஒவ்வொரு அலுவலகமும் தன் கோப்பைத் தானே வைத்திருக்கிறது. ஆனால் எல்லாக் கோப்புகளுக்கும் சாவி ஒன்றுதான்: கிராம உத்தியோகத்தர் தருகிற வதிவிடச் சான்றிதழ். அந்தச் சான்றிதழுக்குப் பின்னால் நிற்பது வாக்காளர் இடாப்பு. அதனால் எந்த அலுவலகத்துக்கு முதலில் போவது என்ற ஒழுங்கு முக்கியம். வங்கிக்கு முதலில் போனால் அவர்கள் சான்றிதழ் கேட்பார்கள். சான்றிதழுக்குப் போனால் கிராம உத்தியோகத்தர், "இடாப்பில் பெயர் எங்கே?" என்று கேட்பார்.

இடாப்பில் ஒரு திகதி இருக்கிறது. அதைப் பலர் அறிவதில்லை. வருடாந்த மீளாய்வில், பெப்ரவரி 1ஆம் திகதி நீங்கள் எங்கே வழமையாக வசிக்கிறீர்களோ அங்கேதான் பெயர் பதியப்படும். முன்னர் இது ஜூன் 1ஆக இருந்தது. 2021இல் வந்த சட்டத் திருத்தத்தால் மாறியது. எனது நண்பர் மார்ச் மாதம் குடிவந்தார். அந்த வருடத்துக்கு அவர் பெயர் புத்தளத்தில்தான். முல்லைத்தீவில் பதிய அடுத்த பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டும். ஜனவரியில் வந்திருந்தால் ஒரு முழு வருடம் மிச்சமாகியிருக்கும். மாறும் திகதியைத் தீர்மானிக்க உங்களால் முடியுமென்றால் இதை மனதில் வையுங்கள். கிராம உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து எழுதுவார் என்று மட்டும் இருந்துவிடவும் கூடாது. நீக்கப்பட இருக்கும் பெயர்களின் ஏ பட்டியலும், சேர்க்கப்பட இருக்கும் பெயர்களின் பீ பட்டியலும் பிரதேச செயலகத்திலும் கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் பார்வைக்கு வைக்கப்படும். பழைய ஊரில் ஏ பட்டியலில் பெயர் வந்து, புதிய ஊரில் பீ பட்டியலில் வராவிட்டால் நீங்கள் எங்கேயும் இல்லாதவராகிவிடுவீர்கள். அதற்கு உரிமைக் கோரிக்கை கொடுக்கக் கால எல்லை உண்டு.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவருக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. புத்தளத்தில் பதிந்தால் சொந்த ஊரில் காணி, வீட்டுத் திட்டப் பட்டியலில் இடமில்லை. சொந்த ஊரில் பதிந்தால் வசிக்கிற இடத்தில் கேள்வி. இதற்காகவே 2013இல் இடம்பெயர்ந்தவர்கள் தமது பூர்வீக இடத்தில் பதிய, 27ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் குறித்த காலத்துக்குக் கொண்டுவரப்பட்டது. 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் நாளில், வாக்கு மன்னாரில் இருந்ததால் புத்தளத்திலிருந்து பஸ்களில் புறப்பட்ட நம்மவர் மீது தந்திரிமலையில் துப்பாக்கிச் சூடு நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வசிப்பது ஓரிடம், பெயர் வேறிடம் என்றால் வருகிற அலைச்சல் இது. உண்மையாகவே குடிவந்துவிட்டால் பெயரையும் கொண்டுவந்துவிடுவதே நல்லது.

அப்படியானால் இடாப்பில் பெயர் வரும்வரை என்ன செய்வது? இதற்குத்தான் பழைய ஊரை விட்டுப் புறப்படுமுன் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. பழைய கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்து, பிரதேச செயலகத்தில் மேலொப்பமும் பெற்றுக்கொள்ளுங்கள். அங்கே உங்கள் பெயர் இருக்கிற இடாப்பின் பிரதியையும் எடுங்கள். நீங்கள் எங்கிருந்து வந்தவர் என்பதற்குப் புதிய கிராம உத்தியோகத்தருக்கு அதுவே ஆதாரம். சான்றிதழ் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். ஆகவே புறப்படும் வாரத்தில் எடுங்கள், முந்திய வருடத்தில் எடுத்ததைக் கொண்டு வராதீர்கள். வந்தவுடன் புதியவரிடம் குடும்ப விபரத்தைப் பதிந்துவிடுங்கள். வாடகை வீடென்றால் ஒப்பந்தம், சொந்தக் காணியென்றால் உறுதி அல்லது அனுமதிப்பத்திரம் கையில் இருக்கட்டும். அஸ்வெசும கொடுப்பனவு பெறுபவர்கள் பழைய, புதிய பிரதேச செயலகங்கள் இரண்டிலும் சொல்ல வேண்டும்.

புதிய சான்றிதழ் கிடைத்ததும் அடையாள அட்டை. இது திருத்தம் என்ற வகையில் வரும். விண்ணப்பத்தைக் கிராம உத்தியோகத்தர் மூலம் நிரப்பி, திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில் படம் எடுத்து, பிரதேச செயலகத்தின் அடையாள அட்டைப் பிரிவில் கொடுக்க வேண்டும். விண்ணப்பம் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டைத் தவறவிடாதீர்கள்.

அட்டை வரும்வரை வங்கிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வங்கிக்குப் பழைய அட்டையும் புதிய வதிவிடச் சான்றிதழும் போதுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். இங்கே ஒரு பிழை நடக்கிறது. சேமிப்புக் கணக்கில் விலாசத்தை மாற்றினால் எல்லாம் மாறிவிட்டதாக நினைக்கிறோம். அடகு, கடன், நிலையான வைப்பு, பிள்ளைகளின் கணக்கு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திரங்கள் இருக்கலாம். நண்பர் உண்மையில் தனது பாஸ்புக் விலாசத்தை மாற்றியிருந்தார். அடகுச் சீட்டில் தில்லையடி அப்படியே இருந்தது. "என் பெயரில் இருக்கிற எல்லாவற்றிலும் மாற்றுங்கள்" என்று எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தொலைபேசி இலக்கம் மாறியிருந்தால் அதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள்.

பழைய கணக்குகள் பற்றியும் ஒரு வார்த்தை. 10 வருடம் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாத கணக்கை வங்கி கைவிடப்பட்ட சொத்தாகக் கருதி, மத்திய வங்கிக்கு மாற்றும். 2009ஆம் ஆண்டின் பணிப்புரை அது. மாற்றுமுன் அறிவித்தல் அனுப்புவார்கள், கடைசியாகத் தெரிந்த விலாசத்துக்கு. 1990க்கு முந்திய விலாசத்துக்குக் கடிதம் போனால் யார் வாங்குவது? ஆனால் பணம் அழிந்துவிடுவதில்லை. உரியவரோ வாரிசோ ஆதாரங்களுடன் அதே வங்கி மூலமாகக் கோரலாம். பெட்டிக்குள் பழைய பாஸ்புக் இருந்தால் எறியாதீர்கள்.

பாடசாலைக்கு வருவோம். விடுகைப் பத்திரம் இல்லாமல் புதிய பாடசாலையில் சேர்ப்பது கஷ்டம். நூலகப் புத்தகம், பாடநூல்களைத் திருப்பிக் கொடுத்து, நிலுவை தீர்த்து அதை எடுங்கள். நண்பரின் மூத்த மகள் 10ஆம் தரம் என்பதால் பிரச்சினை இல்லை. 11ஆம் தரத்தில், சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பம் போன பிறகு மாறினால் பரீட்சை பழைய ஊரில்தான் எழுத வேண்டி வரும். அவரது கடைசி மகனுக்கு வயது மூன்று. முதலாம் தரத்துக்கு வதிவிட அடிப்படையில் சேர்க்கும்போது பெற்றோரின் பெயர் கடந்த 5 வருட இடாப்புகளில் அந்த விலாசத்தில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் புள்ளி போடுகிறார்கள். அந்த மார்ச் மாதம் இங்கே மீண்டும் வருகிறது: விண்ணப்பிக்கும் நேரத்தில் அவருக்கு ஒரு வருட இடாப்புத்தான் இருக்கும். கிராமத்துப் பாடசாலையில் இடம் இருக்கும். வவுனியா நகரில் நெருக்கடியான பாடசாலை என்றால் அந்த ஒரு வருடமே தீர்ப்பைச் சொல்லிவிடும்.

காஸுக்கு விலாசம் மாற்றத் தேவையில்லை. இந்தியாவில் போல இணைப்புப் புத்தகம் இங்கே கிடையாது. வெறும் சிலிண்டரைக் கொடுத்து நிரப்பியதை எடுக்கிறோம். ஆனால் லிட்ரோவும் லாஃப்ஸும் வெவ்வேறு. நீங்கள் போகிற ஊரில் எந்தக் கம்பனியின் முகவர் பக்கத்தில் இருக்கிறார் என்று பார்த்துவிட்டுச் சிலிண்டரை லொறியில் ஏற்றுங்கள். மின்சாரத்தில், பழைய வீட்டு மீற்றர் வாசிப்பை எழுதிப் பட்டியலைத் தீர்த்துவிடுங்கள். புதிய வீட்டுப் பட்டியல் உங்கள் பெயருக்கு வந்தால் அதுவே நாளைக்கு வதிவிட ஆதாரம்.

கடைக்காரருக்கு இரண்டு வேலை அதிகம். வியாபாரப் பெயர்ப் பதிவு மாகாணம் சார்ந்தது. வடமேல் மாகாணத்தில் பதிந்ததை வைத்துக்கொண்டு முல்லைத்தீவில் பலகை போட முடியாது. பழையதை நிறுத்தியதாக அறிவித்து, கரைதுறைப்பற்று பிரதேச செயலகத்தில் புதிதாகப் பதிய வேண்டும். பிரதேச சபையின் வியாபார அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31உடன் முடியும். ஆகவே வருடக் கடைசியில் எடுத்தால் சில வாரத்துக்கே உதவும்.

வெட்டி வைத்துக்கொள்ள ஒரு சிறு பட்டியல்:

1. புறப்படுமுன்: மேலொப்பமிட்ட வதிவிடச் சான்றிதழ், இடாப்புப் பிரதி, விடுகைப் பத்திரம், மின்பட்டியல் தீர்வு.
2. வந்த வாரம்: புதிய கிராம உத்தியோகத்தரிடம் பதிவு, பாடசாலை.
3. முதல் மாதம்: வங்கியில் எல்லாக் கணக்கும் அடகும், அடையாள அட்டை விண்ணப்பம், வியாபாரப் பதிவு.
4. பெப்ரவரி 1: இடாப்புப் பதிவு. பின்னர் ஏ, பீ பட்டியல்களைக் கண்ணால் பார்த்தல்.
5. ஒரு வருடம் வரை: பழைய வீட்டுக்காரரிடம் உங்கள் இலக்கம். கடிதம் வந்தால் அவர் சொல்லட்டும்.

கடைசியாகச் சொன்னதற்கு ஒரு சதமும் செலவில்லை. அதைச் செய்திருந்தால் அந்தக் காப்புச் சோடி இன்னும் வீட்டில் இருந்திருக்கும்.