பச்சைப் பொத்தான் வென்றதா?

இணையப் புத்தகக் கடை ஒன்று, 'வாங்குக' என்னும் பொத்தானுக்கு நீலம் ஏற்றதா, பச்சை ஏற்றதா என ஆராய்கிறது எனக் கொள்வோம். கடைப் பக்கத்திற்கு வருவோரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நீலப் பொத்தானையும் மறு பிரிவினருக்குப் பச்சைப் பொத்தானையும் காட்டுகிறது. இது பிரிவுச் சோதனை எனப்படும்.

முதல் வார அறிக்கையின்படி, நீலத்தைக் கண்ட 200 பேரில் 20 பேரும், பச்சையைக் கண்ட 200 பேரில் 26 பேரும் நூல் வாங்கினர். வேறுபாடு நூற்றுக்கு 3 பேர். பச்சை வென்றதெனக் கூறலாமா?

நாணயத்தைப் பத்து முறை சுண்டும்போது ஏழு முறை தலை விழுவது வியப்பன்று. ஆயிரம் முறையில் எழுநூறு முறை தலை விழுந்தால் நாணயத்தையே ஐயுறுவோம். மாதிரியின் அளவு சிறிதாயின் தற்செயலின் பங்கு பெரிதாகும்.

மேற்கண்ட வேறுபாட்டிற்குப் பிழை எல்லை, கூடுதலாகவோ குறைவாகவோ ஏறத்தாழ 6 பேர். எனவே உண்மையில் பச்சை 9 பேர் முந்தியிருக்கலாம். 3 பேர் பிந்தியும் இருக்கலாம். முடிவு கூற இயலாது.

பிரிவுக்கு 2000 பேர் வந்தபின்னும் அதே விகிதம் நீடித்தால், பிழை எல்லை 2 பேராகச் சுருங்கும். அப்போது பச்சை 1 முதல் 5 பேர் வரை முந்துகிறது எனலாம். இவ்வாறு வகுக்கும் எல்லைகள் நூற்றில் ஏறத்தாழ 95 முறை உண்மையை உள்ளடக்கும். இதனையே 95 விழுக்காடு நம்பகம் என்பர்.

வாரந்தோறும் பார்த்து, விரும்பிய முடிவு தோன்றிய வாரத்தில் சோதனையை நிறுத்தினால் இந்நம்பகம் குலையும். ஆகவே எத்தனை பேர் வந்தபின் முடிவு கூறுவது என்பதை முன்னரே வரையறுத்தல் வேண்டும்.