பயனருக்கு ஒரு முகம்

நுழையும்முன்

ஒரு பொருளை உருவாக்குவோர், அதைப் பயன்படுத்துவோரைப் பெரும்பாலும் நேரில் காண்பதில்லை. ஆய்வாளர்கள் மக்களிடம் கேட்டறிந்தவை அவர்களுக்கு அறிக்கையாகவே வந்து சேர்கின்றன. அவ்வறிக்கையின் செய்திகளைத் திரட்டி ஒரு மனிதராக உருவாக்கிக் காட்டும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

நெகிழும் பயனர்

மென்பொருள் உருவாக்கும் குழுவினரின் கலந்துரையாடலில் மிகுதியாக ஒலிக்கும் சொல் 'பயனர்' என்பதாகும். ஆனால், அச்சொல் சுட்டும் மனிதர் யார் என்பதில் அவர்களிடையே ஒற்றுமை இருப்பதில்லை. கடினமான வசதி ஒன்றைச் சேர்க்க விரும்புபவர், பயனரைக் கணினி வல்லுநராகக் கருதுகிறார். அதனை நீக்க விரும்புபவரோ, பயனரைக் கணினியே அறியாதவராகக் காட்டுகிறார். பேசுவோரின் விருப்பத்திற்கேற்ப இழுபடும் இக்கற்பனை மனிதரை, அமெரிக்க மென்பொருள் வடிவமைப்பாளர் ஆலன் கூப்பர் 'நெகிழும் பயனர்' என்று குறிப்பிட்டார்.

1995ஆம் ஆண்டு, வணிகத் தரவுகளைப் பகுத்தாயும் மென்பொருளை உருவாக்கிய சேஜன்ட் என்னும் நிறுவனத்தில் அவர் பணியாற்ற நேர்ந்தது. அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களைச் சந்தித்து உரையாடிய கூப்பர், அவர்கள் மூன்று வகையினராக இருப்பதைக் கண்டார். ஒவ்வொரு வகைக்கும் ஒரு பெயரிட்டார். பிறர் அமைத்துத் தந்த அறிக்கைப் படிவங்களைப் பயன்படுத்துபவர் சக். தமக்கு வேண்டிய படிவங்களைத் தாமே அமைத்துக்கொள்பவர் சிந்தியா. இவ்விருவருக்கும் தேவையான கணினி ஏற்பாடுகளைக் கவனிப்பவர் ராப். இதன்பின், 'இவ்வசதி பயனருக்கு வேண்டுமா?' என்னும் வினா, 'இது சக்கிற்கு வேண்டுமா, சிந்தியாவிற்கு வேண்டுமா?' என்று மாறியது. பின்னைய வினாவிற்கு விடை காண இயலும். இவ்வாறு உருவாக்கப்படும் மனிதர் 'பெர்சோனா' எனப்படுகிறார். நாடக முகமூடியைக் குறித்த இலத்தீன் சொல் இது. தமிழில் இவரை 'மாதிரி மாந்தர்' எனலாம்.

சராசரியின் குறை

ஆய்வில் கிடைத்தவற்றைச் சராசரியாக்கித் தந்தால் போதாதா என்னும் ஐயம் எழலாம். பத்து விமானப் பயணிகளுள் ஐவர் கணினியைத் தொட்டே அறியாதவர். மற்ற ஐவர் நாள்தோறும் அதில் பணிபுரிபவர் எனக் கொள்வோம். இவர்களின் சராசரி, கணினியை ஓரளவு அறிந்த ஒருவராக அமையும். அத்தகையவர் அப்பத்துப் பேருள் ஒருவருமில்லை. இல்லாத ஒருவருக்காக அமைக்கப்படும் திரை, முதல் ஐவருக்குக் கடினமாகவும் பின் ஐவருக்குச் சலிப்பாகவும் முடியும். ஆதலால், மாதிரி மாந்தரை உருவாக்குவோர் சராசரியைத் தேடுவதில்லை. ஒத்த நடத்தை உடையோரின் கூட்டங்களைத் தேடுகின்றனர்.

உருவாக்கும் முறை

முதற்பணி நேர்காணல் ஆகும். மக்கள் பணிபுரியும் இடத்திற்கோ பொருளைப் பயன்படுத்தும் இடத்திற்கோ சென்று, அவர்கள் சொல்வதைக் கேட்பதோடு செய்வதையும் உற்றுநோக்க வேண்டும். 'எனக்கு எல்லாம் எளிதாக இருக்கிறது' என்று கூறுபவரின் மேசையில், செய்முறையைப் படிப்படியாக எழுதிய தாள் ஒட்டப்பட்டிருக்கலாம். அத்தாளே உண்மையைச் சொல்லும்.

அடுத்து, மக்களிடையே வேறுபடும் நடத்தைகள் ஒவ்வொன்றிற்கும் ஒரு கோடு வரையப்படுகிறது. விமானப் பயணிகளாயின், அரிதாகப் பறத்தல் முதல் அடிக்கடி பறத்தல் வரை ஒரு கோடு. கருவியைக் கண்டு தயங்குதல் முதல் ஆர்வத்துடன் இயக்கிப் பார்த்தல் வரை மற்றொரு கோடு. நேர்காணலில் பங்குபெற்ற ஒவ்வொருவரும் ஒவ்வொரு கோட்டிலும் நிற்கும் இடம் குறிக்கப்படுகிறது. பல கோடுகளிலும் சிலர் தொடர்ந்து அருகருகே நின்றால், அங்கே ஒரு மாதிரி மாந்தர் உருப்பெறுகிறார். வயது, ஊர், வருவாய் ஆகியவை ஒத்திருப்பது இதற்குப் போதாது. நடத்தை ஒத்திருக்க வேண்டும்.

பின்னர், அக்கூட்டத்தினர் எதை அடைய விரும்புகின்றனர், எதனால் தடைப்படுகின்றனர் என்பவற்றைத் திரட்டி, ஒரு பக்க அளவில் எழுத வேண்டும். பெயரும் புகைப்படமும் நினைவில் நிறுத்தத் துணைபுரியும். அப்பக்கத்தின் உயிர், அம்மாந்தரின் நோக்கத்தில் இருக்கிறது.

கிளெவிஸ் என்னும் பயணி

சோனி டிரான்ஸ்காம் நிறுவனத்திற்காகக் கூப்பரின் குழு மேற்கொண்ட பணி இம்முறைக்குத் தக்க சான்றாகும். விமான இருக்கையின் பின்புறத் திரையில் பயணிகள் திரைப்படம் காண்பதற்கான அமைப்பை அக்குழு வடிவமைத்தது. பயணிகளுக்கென நான்கு மாந்தர் உருவாக்கப்பட்டனர். அடிக்கடி பறக்கும் வணிகர் சக், இருமொழி அறிந்த வணிகப் பயணி மரீ, சிறுவன் ஈத்தன், டெக்சாஸ் மாநிலத்து முதியவர் கிளெவிஸ். நால்வருள் கணினியோ அதை இயக்கும் பழக்கமோ இல்லாதவர் கிளெவிஸ் மட்டுமே. அவர் கைகளில் மூட்டுவலியும் இருந்தது.

ஒரு பட்டியலுக்குள் மற்றொரு பட்டியலாக விரியும் திரைகள் சக்கிற்குச் சிக்கலாக இரா. கிளெவிஸோ அவற்றில் வழிதவறிப் போவார். எனவே, கிளெவிஸை நிறைவு செய்யும் வடிவம் பிறரையும் வருத்தாது. பிறருக்கென அமைக்கும் வடிவம் கிளெவிஸை ஒதுக்கிவிடும் என்று குழு உணர்ந்தது. இவ்வாறு, எவருடைய தேவை நிறைவேறாவிடில் வடிவமே தோல்வியுறுமோ, அவர் 'முதன்மை மாந்தர்' ஆகிறார்.

திரைக்குக் கீழே, பழைய வானொலிப் பெட்டியில் இருப்பதைப் போன்ற திருகு ஒன்றைக் குழு அமைத்தது. அதைத் திருப்பினால் திரைப்படச் சுவரொட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் நகர்ந்து செல்லும். பட்டியல்களுக்குள் நுழைந்து தேட வேண்டியதில்லை. வானொலியைத் திருப்பிப் பழகிய முதியவருக்கு அத்திருகைக் கற்றுத்தர வேண்டிய தேவை எழவில்லை. சக்கும் மரீயும் ஈத்தனும் அதைத் தயக்கமின்றிப் பயன்படுத்த இயலும். கிளெவிஸைப் பற்றிய ஒரு பக்கமே, குழுவைத் திரையிலிருந்து திருகுக்கு இட்டுச் சென்றது.

பொய்யான மாந்தரை அறிதல்

நேர்காணலே இன்றி, கூட்ட அறையில் அமர்ந்து மாந்தரைப் புனைந்துவிடுவதும் உண்டு. அத்தகையவர் குழுவினரின் முன்முடிவுகளுக்குப் பெயர் சூட்டிய பொம்மையே ஆவார். இதைக் கண்டறிய எளிய வழியொன்று உள்ளது. அப்பக்கத்திலுள்ள ஒவ்வொரு வரியையும் சுட்டி, 'இது எந்த நேர்காணலில், எவ்வகை உற்றுநோக்கலில் கிடைத்தது?' என்று வினவ வேண்டும். விடையில்லாத வரிகளை நீக்கிவிட வேண்டும். மாந்தருக்குப் பிடித்த நிறம், வளர்க்கும் நாய் போன்றவை எந்த முடிவையும் மாற்றாதவை எனில், அவையும் நீங்கத்தக்கவையே. மாந்தர் குழு விரும்பும் ஒவ்வொரு வசதியையும் வேண்டுபவராகவே இருப்பின், அவரை ஐயுற வேண்டும். உண்மையான மாந்தர் சிலவற்றிற்கு 'வேண்டா' என்பார்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. கிளெவிஸைப் போன்றோர் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதை மாதிரி மாந்தர் சொல்ல இயலாது. அதற்குக் கணக்கெடுப்பு வேண்டும். மக்களின் பழக்கங்கள் மாறும்போது மாந்தரும் பழையவராகிவிடுகிறார். வானொலித் திருகைக் கண்டே இராத தலைமுறை முதுமையடையும்போது, அவர்களுக்கான கிளெவிஸ் வேறொருவராக இருப்பார். அவரை அறிய, ஆய்வாளர் மீண்டும் மக்களிடமே செல்ல வேண்டும்.