நகை 'மூழ்கிப் போவது' எப்படி? வங்கி வட்டிக்கும் அடகுக்கடை வட்டிக்கும் எவ்வளவு வித்தியாசம்? டெல்டா விவசாயியின் கணக்கு!

வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தால், தஞ்சாவூர், திருவாரூர், நாகை மாவட்டங்களில் இரண்டு இடத்தில் கூட்டம் சேரும். ஒன்று விதைநெல், உரம் விற்கும் கடை. இன்னொன்று நகைக்கடன் கவுண்டர். குறுவைக்கு உழவு ஓட்டணும், நாற்று விடணும், நடவு ஆளுக்குக் கூலி கொடுக்கணும். கையில் இருப்பது போன பருவத்து நெல் பணம் இல்லை, வீட்டு பீரோவில் இருக்கும் அட்டிகைதான்.

அந்த அட்டிகையை எங்கே வைப்பது? ஒரே நகையை வைத்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எடை போட்டால் 35 கிராம். மதிப்பு எத்தனை கிராமுக்கு?

புரிவதற்காக 22 கேரட் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 35 கிராம் அட்டிகைக்கு 3.5 லட்சம் வரும் என்று நினைத்துப் போவோம். ஆனால் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் நகை மதிப்பீட்டாளர் முதலில் கல், அரக்கு எடையைக் கழிப்பார். 2 கிராம் போச்சு. மீதி 33. அடுத்து உரைகல்லிலோ மெஷினிலோ தரம் பார்ப்பார். அம்மாவோ பாட்டியோ போட்ட பழைய நகை என்றால் 20 கேரட்தான் இருக்கும். 33 கிராம் 20 கேரட் என்பது 22 கேரட் கணக்கில் 30 கிராம். ஆக நகையின் மதிப்பு 3 லட்சம். செய்கூலி, சேதாரம் என்று நகைக்கடையில் நாம் கொடுத்த காசுக்கு இங்கே ஒரு ரூபாய்கூட மதிப்பு கிடையாது.

விலையும் அன்றைய கடை ரேட் இல்லை. ரிசர்வ் வங்கி 2025 ஜூன் 6-ல் வெளியிட்ட விதிகளின்படி, கடந்த 30 நாள் சராசரி விலை, முந்தைய நாள் விலை இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுக்க வேண்டும். தங்கம் ஏறிக்கொண்டே போகும்போது 'வெளியில ரேட் இவ்ளோ இருக்கே' என்று சண்டை வருவது இதனால்தான். எடை போடும்போதும் தரம் பார்க்கும்போதும் நகைக்காரர் எதிரிலேயே இருக்க வேண்டும் என்பதும் விதி. மொத்த எடை, கழித்த எடை, தரம், மதிப்பு நான்கும் எழுதிய சான்று கொடுக்க வேண்டும். அதை அங்கேயே நின்று படித்துவிடுவது நல்லது. வீட்டுக்கு வந்தபிறகு 'கல்லுக்கு ரெண்டு கிராம் எப்படிக் கழிச்சீங்க' என்று கேட்டால் பதில் கிடைக்காது.

வீட்டுச் செலவுக்காக வாங்கும் கடனில் 2.5 லட்சம் வரை நகை மதிப்பில் 85 சதவீதம், அதற்கு மேல் 5 லட்சம் வரை 80, அதையும் தாண்டினால் 75 சதவீதம் என்பது உச்சவரம்பு. கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடன் என்றால் அசலோடு ஒரு வருஷ வட்டியையும் சேர்த்து இந்த வரம்புக்குள் அடங்கணும். விவசாயக் கடனாகப் பதிவானால் வரம்பை அந்தந்த வங்கியே வைத்துக்கொள்ளும்.

'ரெண்டு வட்டி' என்றால் 2 சதவீதம் இல்லை!

நம் கணக்கில் 2 லட்சம் கடன் எடுப்பதாக வைப்போம். வங்கியில் ஆண்டு வட்டி 9 சதவீதம் என்றால், நான்கு மாதத்தில் குறுவை அறுத்து மீட்டால் வட்டி 6,000 ரூபாய். தெருமுனை அடகுக்கடையில் 'ரெண்டு வட்டி' என்பார்கள். நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபாய், அதாவது வருஷத்துக்கு 24 சதவீதம். அதே நான்கு மாதத்துக்கு 16,000. மூணு வட்டி என்றால் 24,000. இதில் முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு கையில் குறைவாகக் கொடுக்கும் கடைகளும் உண்டு. கையில் வராத பணத்துக்கும் சேர்த்துத்தான் வட்டி ஓடும்.

பெரிய தனியார் நகைக்கடன் நிறுவனங்கள் நடுவில் நிற்கின்றன. கிராமுக்கு அதிகப் பணம், பத்து நிமிஷத்தில் கையில் காசு. விளம்பரத்தில் வரும் குறைந்த வட்டி பெரும்பாலும் மாதாமாதம் வட்டி கட்டுபவருக்குத்தான். இரண்டு, மூன்று மாதம் விட்டால் வட்டி அடுத்த படிக்கு ஏறும் திட்டங்கள் நிறைய. மாதச் சம்பளக்காரருக்கு இது ஒத்துவரலாம். நெல் போட்டுப் பணம் எடுக்கும் விவசாயிக்கு மாசாமாசம் வருமானம் எங்கிருந்து வரும்? எனவே விளம்பர வட்டியைக் கேட்காமல், 'ஒரு பைசா கட்டாமல் ஆறு மாசம் விட்டால் மொத்தம் எவ்வளவு?' என்று கேட்பதே சரியான கேள்வி.

சரி, வங்கிதானே லாபம், ஏன் ஜனங்க அடகுக்கடைக்குப் போறாங்க? நடவு நாளைக்கு, வங்கியில் மதிப்பீட்டாளர் இன்று லீவு. காரணம் பல நேரம் அவ்வளவுதான்.

சிக்கல் எங்கே ஆரம்பிக்குது?

அக்டோபரில் குறுவை அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் நெல்லில் ஈரப்பதம் ஏறிவிடும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம்தான் வழக்கமான அளவு. நெல் களத்திலேயே கிடக்கும். நகை மீட்கும் பேச்சு சம்பாவுக்குத் தள்ளிப்போகும். அதற்குள் வருஷம் முடிந்துவிடும். இப்போது நம் 2 லட்சம் வங்கியில் 2,18,000. ரெண்டு வட்டியில் 2,48,000. மூணு வட்டியில் 2,72,000. நகையே 3 லட்சம்தான். இந்த இடத்தில்தான் பலர் 'மீட்டு என்ன ஆகப்போவுது, மூழ்கட்டும்' என்று விட்டுவிடுகிறார்கள்.

வங்கியில் வைத்தவருக்கு இன்னொரு வழி உண்டு, வட்டியைக் கட்டிப் புதுப்பிப்பது. முழுப் பணத்தையும் கட்டி மீட்டு, பிறகுதான் மறுபடி வைக்க முடியும் என்று பல கிளைகளில் கறாராகச் சொன்னதும், 2025-ல் வந்த வரைவு விதிகளும் தமிழ்நாட்டில் பெரிய எதிர்ப்பைக் கிளப்பின. ஒரு நாளைக்காக 2 லட்சத்தைக் கந்துவட்டிக்கு வாங்க வேண்டியிருந்ததுதான் கோபத்துக்குக் காரணம். முதலமைச்சராக இருந்த ஸ்டாலின் ஒன்றிய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். இறுதி விதிகளில், கடன் வாராக்கடன் ஆகாமல் இருந்தால், சேர்ந்த வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கலாம் என்று இருக்கிறது. ஆனால் நாம் கேட்டால்தான் செய்வார்கள், அதுவும் வரம்புக்குள் அடங்கணும். தங்கம் கிராம் 8,000-க்கு இறங்கினால் நம் அட்டிகை 2.4 லட்சம்தான். வீட்டுச் செலவுக் கடன் என்றால் வட்டி போக அசலிலும் சுமார் 13,000 கட்டினால்தான் புதுப்பிக்க முடியும். தங்கம் இறங்கவே இறங்காது என்று நம்புபவர்கள் 2013 ஏப்ரலில் அது சரிந்ததை மறந்துவிட்டார்கள்.

ஏலம் போனால் மீதிப் பணம் யாருக்கு?

நமக்குத்தான். வங்கியும் நிதி நிறுவனமும் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து, இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் செய்துதான் ஏலம் விட முடியும். தொடக்க விலை அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு முறை ஏலம் போகாவிட்டால் மட்டும் 85 வரை இறக்கலாம். 24 சதவீத வட்டியில் நிதி நிறுவனத்தில் வைத்த நம் அட்டிகை 2,75,000-க்குப் போனது என்றால், பாக்கி 2,48,000, செலவு 2,000 கழித்து 25,000 ரூபாயை, ஏலப் பணம் முழுசாக வந்த ஏழு வேலை நாளுக்குள் திருப்பித் தரணும். நகையே போச்சு என்று பலர் இந்தப் பணத்தைக் கேட்பதே இல்லை.

நோட்டீஸே வரலை என்று சொல்பவர்களும் அதிகம். கடன் படிவத்தில் கொடுத்த நம்பர் திருப்பூரில் வேலை பார்க்கும் பையனுடையது, அவன் சிம் மாற்றிவிட்டான் என்றால் எஸ்எம்எஸ் யாருக்குப் போகும்?

இந்த ரிசர்வ் வங்கி விதிகள் தெருமுனை அடகுக்கடைக்குப் பொருந்தாது. அங்கே 1943-ம் ஆண்டு அடகுக்கடைக்காரர் சட்டம்தான். ஒரு வருஷமும் ஏழு நாளும் மீட்கும் கெடு. உரிமம் இல்லாத கடையில் துண்டுச் சீட்டோடு வைத்த நகைக்கு அதைக்கூட நிரூபிக்க முடியாது. ரசீதில் உரிம எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகையைக் கழற்றுங்கள்.

வங்கி அல்லது நிதி நிறுவனம் மீது புகார் என்றால் முதலில் அவர்களிடமே எழுத்தில் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண்.