வட்டி ஒரு சதவீதம் ஏறினால் பத்திரத்தின் விலை எவ்வளவு இறங்கும்?

ரிசர்வ் வங்கி 2022 மே 4 அன்று ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 4.40 சதவீதமாக உயர்த்தியது. அடுத்தடுத்த உயர்வுகளால் 2023 பிப்ரவரியில் அது 6.50 சதவீதத்தை எட்டியது. அக்காலத்தில் எங்கள் கிளைக்கு வந்த ஓய்வுபெற்ற வாடிக்கையாளர் ஒருவர், தம் அரசுப் பத்திர நிதியின் கணக்கு அறிக்கையை மேசைமீது வைத்து, "அரசாங்கமே திருப்பித் தரும் பணத்தில் எப்படி ஐயா நட்டம் வரும்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. அரசு தவணை தவறாது என்பது வேறு. இடையில் விற்றால் என்ன விலை கிடைக்கும் என்பது வேறு. இரண்டாவது கேள்விக்கு விடையளிக்கும் அளவுகோலே 'டியூரேஷன்'.

விலை ஏன் இறங்குகிறது?

நாம் 7 சதவீத வட்டி தரும் பத்திரம் ஒன்றை ரூ.10,000 கொடுத்து வாங்குகிறோம். மறுநாளே சந்தை வட்டி 8 சதவீதமாகிவிடுகிறது. இனி வாங்குபவருக்குப் புதிய பத்திரத்தில் ஆண்டுக்கு ரூ.800 கிடைக்கும், நம்முடையது ரூ.700 மட்டுமே தரும். அந்த ரூ.100 குறையை ஈடுகட்டும் அளவுக்கு விலையைக் குறைத்தால்தான் நம் பத்திரத்தை ஒருவர் வாங்குவார். குறை ஐந்து ஆண்டுகள் தொடருமானால் தள்ளுபடி சிறியது. முப்பது ஆண்டுகள் தொடருமானால் பெரியது. ஆகவே, பணம் நம் கைக்குத் திரும்ப எவ்வளவு காலம் ஆகும் என்பதே விலை அசைவின் ஆணிவேர்.

ஆனால் முதிர்வுக் காலத்தை மட்டும் பார்த்தால் போதாது. முதிர்வுக்கு முன்பே ஆண்டுதோறும் வட்டி வந்துகொண்டிருக்கிறது. அந்த வரவுகளையும் கணக்கில் சேர்த்து, பணம் திரும்பும் சராசரிக் காலத்தைக் கணக்கிடும் முறையைப் பொருளியல் அறிஞர் ஃபிரெடரிக் மெக்காலே 1938-இல் வகுத்தார்.

ஒரு கணக்கு

ஐந்து ஆண்டுப் பத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலீடு ரூ.10,000, வட்டி 7 சதவீதம். நம் அரசுப் பத்திரங்கள் அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி தருகின்றன. கணக்கு எளிமையாக இருக்க ஆண்டுக்கு ஒருமுறை என்று கொள்வோம். ஒவ்வொரு வரவையும் 7 சதவீத வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, அது வரும் ஆண்டின் எண்ணால் பெருக்க வேண்டும்.

| ஆண்டு | வரவு (ரூ.) | இன்றைய மதிப்பு (ரூ.) | ஆண்டு × மதிப்பு |
|---|---|---|---|
| 1 | 700 | 654 | 654 |
| 2 | 700 | 611 | 1,223 |
| 3 | 700 | 571 | 1,714 |
| 4 | 700 | 534 | 2,136 |
| 5 | 10,700 | 7,629 | 38,145 |

பைசாக்களையும் சேர்த்தால் மூன்றாம் பத்தியின் கூட்டுத்தொகை ரூ.10,000. கடைசிப் பத்தியின் கூட்டுத்தொகை 43,872. இதனை 10,000-ஆல் வகுத்தால் 4.39 ஆண்டுகள் கிடைக்கும். இதுவே மெக்காலே டியூரேஷன். பத்திரம் ஐந்து ஆண்டுக்குரியது; பணம் திரும்பும் சராசரிக் காலமோ நான்கு ஆண்டுகளும் ஏறத்தாழ நான்கரை மாதமும் ஆகும்.

இந்த எண்ணை 1.07-ஆல் வகுத்தால் 4.10 வரும். இதற்கு 'மாடிஃபைட் டியூரேஷன்' என்று பெயர். சந்தை வட்டி ஒரு சதவீதப் புள்ளி உயர்ந்தால் பத்திரத்தின் விலை ஏறத்தாழ 4.10 சதவீதம், அதாவது ரூ.410 இறங்கும் என்பது இதன் பொருள். 8 சதவீத வட்டியில் விலையை நேராகக் கணக்கிட்டால் ரூ.9,601 வருகிறது, இறக்கம் ரூ.399. மதிப்பீடு உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது.

இதே 7 சதவீத வட்டியுள்ள முப்பது ஆண்டுப் பத்திரத்துக்கு இந்த எண் 12.41. வட்டி 8 சதவீதமானால் அதன் விலை ரூ.8,874 ஆகிவிடும், இறக்கம் ரூ.1,126. முதிர்வுக் காலம் ஆறு மடங்கானபோதும் விலை அசைவு மூன்று மடங்குக்குள் நிற்பதைக் கவனிக்கலாம். தொலைவில் உள்ள வரவுகளின் இன்றைய மதிப்பு சிறிது என்பதே காரணம். மதிப்பீட்டுக்கும் உண்மைக்கும் இடைவெளி இங்கே ரூ.115 ஆக விரிந்திருக்கிறது. டியூரேஷன் சிறிய வட்டி மாற்றங்களுக்கே துல்லியமாகப் பொருந்தும். காலம் நீண்டாலோ மாற்றம் பெரிதானாலோ அது இறக்கத்தைச் சற்றுக் கூட்டியும் ஏற்றத்தைச் சற்றுக் குறைத்தும் காட்டும்.

நட்டம் எப்போது ஈடாகும்?

வட்டி உயர்வால் விலை இறங்கினாலும், வந்த வட்டியை மறுமுதலீடு செய்யும்போது அது 8 சதவீதம் ஈட்டும். இந்த ஆதாயம் விலை நட்டத்தை மெல்ல மெல்ல ஈடுகட்டி, 4.39 ஆண்டுகள் நிறையும்போது சமன் செய்துவிடுகிறது. வட்டி மாறாமல் 7 சதவீதமாகவே இருந்திருந்தால் அந்நாளில் நம் கையில் ரூ.13,456 இருக்கும்; வாங்கிய மறுநாளே 8 சதவீதமாகி அப்படியே நின்றிருந்தால் ரூ.13,457 இருக்கும். ஆகவே, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு நான்கரை ஆண்டுகளில் பணம் தேவைப்படுபவர் அதற்கு நெருங்கிய டியூரேஷன் உடையதைத் தேர்ந்தால் வட்டி மாற்றம் அவரைப் பெரிதும் பாதிக்காது. ஓராண்டில் பணம் தேவைப்படுபவர் அதே பத்திரத்தை வாங்கினால், ஈடாகுமுன்பே விற்க நேரும்.

எங்கள் வாடிக்கையாளருக்கு நேர்ந்ததும் அதுவே. மறு ஆண்டு வீடு கட்டும் செலவுக்கென வைத்திருந்த பணம், நீண்டகால அரசுப் பத்திர நிதியில் கிடந்தது. அரசு எவ்விதத் தவறும் செய்யவில்லை. அவருடைய தேவையின் காலமும் நிதியின் காலமும் பொருந்தவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். தனிப் பத்திரத்தின் டியூரேஷன் நாளடைவில் குறைந்துகொண்டே வரும். முதிர்வு நாளில் முகமதிப்பு முழுமையாகக் கைக்கு வரும். பத்திர நிதியோ பொதுவாகப் பழையவற்றை விற்றுப் புதியவற்றை வாங்கிக்கொண்டே இருப்பதால், அதன் டியூரேஷன் அவ்வாறு கரைவதில்லை. காத்திருந்தால் தானே முதிர்ந்துவிடும் என்ற எண்ணம் தனிப் பத்திரத்துக்குப் பொருந்தும்; நிதிக்குப் பொருந்தாது.

எங்கே பார்ப்பது?

கடன் நிதிகளின் மாதாந்திர விவர அறிக்கையில் இரண்டு எண்களும் அச்சிடப்படுகின்றன. செபி 2017-இல் வகுத்த பிரிவுகளின்படி, குறுகியகால நிதியின் மெக்காலே டியூரேஷன் 1 முதல் 3 ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும். நீண்டகால நிதிக்கு அது 7 ஆண்டுகளுக்கு மேல். ஆனால் அரசுப் பத்திர நிதி என்னும் 'கில்ட்' பிரிவுக்கு இத்தகைய கால வரம்பு இல்லை. எனவே அதில் பணம் போடுமுன் அறிக்கையிலுள்ள எண்ணைப் பார்த்தே ஆக வேண்டும்.

டியூரேஷன் வட்டி மாற்றத்தின் விளைவை மட்டுமே அளக்கிறது. கடன் வாங்கிய நிறுவனம் தவணை தவறும் ஆபத்தை அளப்பதில்லை. மாடிஃபைட் டியூரேஷன் 2 உள்ள நிதி, சந்தை வட்டி அரை சதவீதப் புள்ளி உயர்ந்தபோது ஏறத்தாழ 1 சதவீதம் இறங்குவது இயல்பு. அது 4 சதவீதம் இறங்கியிருந்தால் காரணம் வட்டி மட்டுமல்ல. நிதியிலுள்ள ஏதேனும் ஒரு நிறுவனப் பத்திரத்தின் தரமதிப்பீடு சரிந்திருக்கலாம். அப்போது வட்டி குறையும்வரை காத்திருப்பதைவிட, நிதியிலுள்ள பத்திரங்களின் பட்டியலைக் கேட்டுப் பார்ப்பதே முறை.